இன்வெர்ட்டர் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறதா? மாற்றும் முன் ஆறு செல்லையும் அளந்து பாருங்கள்

கரண்ட் போனால் நாலு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்த இன்வெர்ட்டர் ஒன்றரை மணி நேரத்தில் பீப் பீப் என்று கத்தி நின்றுவிட்டால், கடைக்காரர் முதலில் சொல்வது "பேட்டரி போச்சு, எக்சேஞ்ச்ல மாத்திடலாம்" என்பதுதான். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அளந்து பார்க்காமல் சொன்னால் அது ஊகம்தான். நன்றாக இருந்த எத்தனையோ பேட்டரிகள் வெறும் டெர்மினல் பூஞ்சையாலும் தவறான சுவிட்ச் அமைப்பாலும் பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் ஒன்று, ஒரு மல்டிமீட்டர், ஒரு கேன் டிஸ்டில்டு வாட்டர் இருந்தால் வீட்டிலேயே ஒரு முடிவுக்கு வரலாம்.

இங்கே சொல்வது வீடுகளில் அதிகம் இருக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியைப் பற்றி. தண்ணீர் ஊற்றும் வகை, ஒரே பெட்டிக்குள் ஆறு செல் இருக்கும். மூடி முத்திரையிட்ட எஸ்எம்எஃப் வகைக்கு இதில் டெர்மினல் பகுதி மட்டும்தான் பொருந்தும்.

முதலில் லோடைக் கணக்குப் போடுங்கள். பழைய வகை சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட். இரண்டு ஃபேன், நாலு எல்ஈடி விளக்கு, ஒரு டிவி என்றால் ஏறக்குறைய 250 வாட் ஆகிவிடும். இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் 26 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியில் அச்சிட்டிருக்கும் 150 ஏஎச் என்பது 7.5 ஆம்பியர் வீதம் மெதுவாக 20 மணி நேரம் இறக்கினால் கிடைப்பது. 26 ஆம்பியரில் இறக்கினால் அவ்வளவு வராது. புதிய பேட்டரியே நாலு, நாலரை மணி நேரம்தான் தரும். இடையில் யாராவது ஃபிரிட்ஜையோ இன்னொரு அறையின் ஃபேனையோ இன்வெர்ட்டர் லைனில் சேர்த்திருந்தால் பேட்டரி மீது குற்றமில்லை. லோடு மாறவில்லை, நேரம்தான் குறைந்தது என்று உறுதியான பிறகு பேட்டரி பக்கம் வாருங்கள்.

கை வைப்பதற்கு முன் சில விஷயங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அதனால் அறை காற்றோட்டமாக இருக்க வேண்டும்; தீக்குச்சி, ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வையுங்கள். ஸ்பேனரோ வளையலோ இரண்டு டெர்மினலையும் ஒரே நேரத்தில் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், உலோகம் நொடியில் பழுத்துவிடும். ரப்பர் கையுறை, கண்ணாடி, பழைய துணி. அமிலம் கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

டெர்மினலில் இருந்து தொடங்குவது நல்லது. அதுதான் செலவில்லாத வேலை. வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பொடி படிந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். ஆனால் வெளியில் சுத்தமாக இருந்து உள்ளே கறுத்துப்போன இணைப்பும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க மல்டிமீட்டர் வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து, வழக்கமான லோடைப் பேட்டரியில் ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை டிசி 2 வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் குமிழ் மீதும் மற்றொன்றை அதே குமிழில் முறுக்கியிருக்கும் கேபிள் லக் மீதும் வையுங்கள். இரண்டும் ஒரே இடம்தானே, சுழியம் காட்ட வேண்டும் என்று தோன்றும். நல்ல இணைப்பில் 0.02, 0.03 வோல்ட்தான் காட்டும். 0.1-ஐத் தாண்டினால் அந்த இணைப்பைத் திறந்து பார்க்க வேண்டும். பாசிடிவ், நெகடிவ் இரண்டிலும் இப்படியே பாருங்கள்.

இது ஏன் பேக்கப்பைக் குறைக்கிறது? இன்வெர்ட்டருக்குப் பேட்டரியின் உண்மையான வோல்டேஜ் தெரியாது. கேபிளின் தன் பக்க முனையில் வருவதுதான் தெரியும். பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் 10.5 வோல்ட் அளவில் நிறுத்திவிடும். இணைப்பில் மட்டும் 0.45 வோல்ட் விழுந்தால், பேட்டரியில் 10.95 இருக்கும்போதே இன்வெர்ட்டர் "காலி" என்று முடிவு செய்துவிடும். பேட்டரிக்குள் சரக்கு மிச்சம் இருக்கும், வெளியே வராது.

சுத்தம் செய்ய, இன்வெர்ட்டரை அணைத்து அதன் பிளக்கையும் எடுத்துவிட்டு, முதலில் நெகடிவ் கேபிளையும் பிறகு பாசிடிவையும் கழற்றுங்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்ப சோடா கலந்து பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். நுரை அடங்கும்வரை அமிலம் இருக்கிறது என்று அர்த்தம். செல் மூடிகள் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும். சோடா உள்ளே போனால் செல்லின் அமிலத்தையே அழித்துவிடும். ஈரத்தைத் துடைத்து உலர்த்தி, ஈயமும் லக்கின் உட்பக்கமும் பளிச்சென்று ஆகும்வரை உப்புத்தாளால் தேய்க்கவும்.

திரும்ப மாட்டும்போது பலர் தவறவிடுவது வாஷர். லக் நேரடியாக ஈயத்தின் மேல் உட்கார வேண்டும். வாஷர் லக்குக்கு மேலே, போல்ட் தலைக்குக் கீழே வர வேண்டும். ஈயத்துக்கும் லக்குக்கும் நடுவில் இரும்பு வாஷர் இருந்தால் அத்தனை கரண்டும் அதன் வழியாகப் போகும், சூடாகும், சீக்கிரமே துருவும் பிடிக்கும். ஈயம் மென்மையானது, அதனால் இறுக்கமாக முறுக்கினால் போதும், முழு பலத்தையும் காட்டக் கூடாது. இப்போது பாசிடிவை முதலில் மாட்டி, நெகடிவைக் கடைசியில் மாட்டுங்கள். எல்லாம் முறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். கேபிளின் செம்பு இழைகளே லக்குக்குள் பச்சையாகி உதிர்ந்தால் சுத்தம் செய்து பயனில்லை. கெட்ட பகுதியை வெட்டிவிட்டுப் புது லக் அடிக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஒவ்வொரு செல் மேலும் ஃப்ளோட் காட்டி இருக்கும். குச்சி மேலே தெரிந்தால் தண்ணீர் இருக்கிறது, சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் குறைவு. இந்தக் குச்சி சில நேரம் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்று ஏமாற்றும், அதனால் லேசாக அழுத்திவிட்டுப் பாருங்கள். மிதந்து மேலே வர வேண்டும். மூடியைத் திறக்கும் முன் பேட்டரியின் மேல் தூசியைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது நேராகச் செல்லுக்குள் போகும். கழற்றிய மூடிகளை எந்தச் செல்லுடையது என்று வரிசையாகப் பிளாஸ்டிக் தட்டில் வையுங்கள். அவற்றின் நுனியில் அமிலம் சொட்டும்.

உள்ளே குறைவது தண்ணீர் மட்டுமே. சார்ஜ் ஆகும்போது தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து போகிறது, அமிலம் அங்கேயே தங்குகிறது. அதனால் ஊற்றுவதும் தண்ணீர்தான், அமிலம் அல்ல. அமிலத்தின் அடர்த்தியைக் கடையில் கிராவிட்டி என்பார்கள்; "கிராவிட்டி குறைஞ்சிருக்கு, கொஞ்சம் ஆசிட் விட்டுத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மீட்டரில் எண் ஏறும், பேட்டரியில் சக்தி ஏறாது. செல்லுக்குள் இருக்கும் ஈயத் தகடுகள் சீக்கிரம் அரிக்கும். ஆர்ஓ தண்ணீர், கொதிக்க வைத்த தண்ணீர், ஏசியில் சொட்டும் தண்ணீர் எதுவும் வேண்டாம். முதலிரண்டில் உப்பு இருக்கும். ஏசி தண்ணீரில் செம்பு, அலுமினியம், தூசி எல்லாம் கலந்து வரும். டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன் வாங்கினால் அதிக விலையில்லை.

வழக்கமாகத் தண்ணீர் ஊற்ற வேண்டியது முழு சார்ஜ் ஆன பிறகு. சார்ஜின்போது அமில மட்டம் சற்று உயரும், முன்பே விளிம்புவரை ஊற்றினால் வழிந்து டெர்மினலைக் கெடுக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. டார்ச் அடித்துப் பார்க்கும்போது தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூழ்கும் அளவு மட்டும் உடனே ஊற்றி, சார்ஜ் செய்து, பிறகு மேல் கோடுவரை நிரப்புங்கள். காற்றில் நின்ற தகட்டுப் பகுதி கெட்டியாகச் சல்ஃபேட் ஆகியிருக்கும். அது முழுதாகத் திரும்பாது.

இனி ஹைட்ரோமீட்டர். கண்ணாடிக் குழாய், மேலே ரப்பர் குமிழ், உள்ளே மிதவை. அது காட்டுவது அமிலத்தின் ஒப்படர்த்தி. அதுதான் கடைக்காரர் சொல்லும் கிராவிட்டி, 1.240 என்பதை 1240 என்றே சொல்வார்கள். குமிழை முதலில் அழுத்திப் பிடித்தபடி செல்லுக்குள் விட்டு, மெல்ல விடுங்கள். இரண்டு தடவை இழுத்து அதே செல்லுக்குள் விட்ட பிறகு மூன்றாவதை அளவெடுங்கள். மிதவை குழாயின் பக்கத்தையோ மேல் ரப்பரையோ தொடக் கூடாது. கண்ணை அமில மட்டத்துக்கு நேராக வைத்து, அமிலம் மிதவையை வெட்டும் கோட்டைப் படியுங்கள். எடுத்த அமிலம் அதே செல்லுக்குத் திரும்ப வேண்டும். பக்கத்துச் செல்லில் விட்டால் இரண்டின் கணக்கும் கெடும்.

மிதவையில் சிவப்பு, வெள்ளை, பச்சை என்று நிறம் போட்டிருப்பார்கள். அதை நம்பாதீர்கள். அது 1280 வரை போகும் கார் பேட்டரிக்காகப் போட்டது. வீட்டு டியூபுலர் பேட்டரி முழு சார்ஜில் 27 டிகிரியில் 1240 முதல் 1250 வரைதான் இருக்கும், நிறத்தில் பார்த்தால் "பாதி" என்று காட்டும். ஏறக்குறைய 1190 பாதி, 1150-ஐ ஒட்டி வந்தால் காலிக்குப் பக்கம். 27 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.7 புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள். அமிலம் 37 டிகிரி சூட்டில் 1233 காட்டினால் உண்மையில் 1240.

அளவெடுக்கும் நேரம் மிக முக்கியம். தண்ணீர் ஊற்றியவுடன் அளந்தால் மேலே நிற்கும் வெறும் தண்ணீரைத்தான் அளப்பீர்கள். சார்ஜ் கடைசிக் கட்டத்துக்கு வந்து குமிழி விடும்போதுதான் அடியில் தங்கும் கனமான அமிலமும் மேல் தண்ணீரும் கலக்கும். தண்ணீர் குறைந்த செல்லை ஊற்றாமல் அளந்தாலும் தப்பு. வெயிலில் வற்றிய உப்புத் தண்ணீர் இன்னும் கரிப்பதைப்போல அங்கே அமிலம் கெட்டியாகி, கிராவிட்டி பொய்யாக உயர்ந்து தெரியும்.

எடுத்துக்காட்டாக ஒரு வீட்டுப் பேட்டரியைப் பார்ப்போம். மூன்று வருடம் ஆன 150 ஏஎச் டியூபுலர், மேலே சொன்ன 250 வாட் லோடு, நாலு மணி நேரம் ஒன்றரை ஆகிவிட்டது. பாசிடிவ் டெர்மினலில் லோடின்போது 0.45 வோல்ட் விழுகிறது. திறந்தால் லக்குக்குக் கீழே கறுத்த இரும்பு வாஷர். அதைச் சரிசெய்ததும் வீழ்ச்சி 0.03 ஆனது, பேக்கப் இரண்டு மணி நேரத்தை எட்டியது. அதோடு தீரவில்லை.

ஃப்ளோட்கள் எல்லாம் சிவப்பில், நடுவில் உள்ள 3, 4 செல்களில் தண்ணீர் தகட்டை ஒட்டி. அந்த நிலையில் அளந்தபோது ஓரச் செல்கள் 1210, 1215 காட்டின; 3-ம் 4-ம் 1235. பார்த்தவுடன் நடுச் செல்கள்தான் ஆரோக்கியமானவை என்று தோன்றும். உண்மை தலைகீழ். சார்ஜ் ஆகும்போது பேட்டரியில் 13.8 வோல்ட்தான் வந்தது, அதற்குள்ளேயே இன்வெர்ட்டர் முழு சார்ஜ் விளக்கைப் போட்டுவிட்டது. பின்பக்கத்துப் பேட்டரி வகை சுவிட்ச் எஸ்எம்எஃப்-இல் இருந்தது. டியூபுலருக்கு 14.4 வோல்ட் அளவாவது வேண்டும். இத்தனை நாளும் அது அரைவயிற்றோடு வேலை பார்த்திருக்கிறது.

நடுச் செல் தகடுகள் மூழ்கும்வரை தண்ணீர் விட்டு, சுவிட்சை டியூபுலருக்கு மாற்றி, லோடு இல்லாமல் சார்ஜில் போட்டு, பிறகு கோடுவரை நிரப்பி மறுபடி சார்ஜ். எல்லாச் செல்லிலும் குமிழி விடத் தொடங்கியபோது அளந்தால் 1200, 1205, 1190, 1190, 1200, 1205. நடுச் செல்களின் பொய் வேடம் கலைந்துவிட்டது. ஆனால் அதிகத்துக்கும் குறைவுக்கும் இடையே 15 புள்ளிதான் வித்தியாசம், அதாவது எந்தச் செல்லும் சாகவில்லை. எல்லாம் ஒரே மாதிரி பசியோடு இருக்கின்றன. சார்ஜைத் தொடர்ந்தபோது கிராவிட்டி மெல்ல ஏறி, இரண்டாம் நாள் ஓரச் செல்கள் 1235-லும் நடுச் செல்கள் 1220-லும் நின்றன. ஒரு மணி நேர இடைவெளியில் மூன்று தடவை அளந்தும் மாறவில்லை என்றால் அந்தப் பேட்டரிக்கு அதுதான் முழு சார்ஜ். பேக்கப் மூன்று மணி நேரத்துக்கு வந்தது. நாலு வரவில்லை, வராது. காய்ந்த தகடுகளில் போனது போனதுதான். ஆனாலும் இன்னும் உழைக்கும் பேட்டரி அது.

சார்ஜ் நடக்கும்போது பேட்டரிப் பெட்டி தொட்டால் கைக்குச் சுடுமளவு போனால் நிறுத்தி ஆறவிடுங்கள். சில இன்வெர்ட்டர்களில் இன்னும் அதிக வோல்டேஜ் தரும் அமைப்பு ஒன்றும் இருக்கும். அதை நிரந்தரமாக வைத்தால் தண்ணீர் வேகமாக வற்றும்.

இதே பேட்டரியில் ஐந்து செல் 1230 காட்டி ஒன்று மட்டும் 1150-லேயே நின்றிருந்தால் கதை வேறு. முழு சார்ஜுக்குப் பிறகும் 30 புள்ளி வித்தியாசம் இருந்தால் கவனிக்க வேண்டும், 50-ஐத் தாண்டினால் அந்தச் செல் போய்விட்டது என்றே எடுத்துக்கொள்ளலாம். சார்ஜின் கடைசியில் மூடியைத் திறந்து பார்த்தால் மற்றவை எல்லாம் பொங்க, அது மட்டும் அமைதியாகக் கிடக்கும். செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால் மொத்த வோல்டேஜ் 12.5-க்குப் பதில் 10.5 பக்கம் நிற்கும். அது வாங்காத வோல்டேஜை மற்ற ஐந்தும் பங்கு போட்டுக்கொண்டு அதிகமாகச் சார்ஜ் ஆகும், சூடாகும், தண்ணீர் வாரக்கணக்கில் வற்றும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உடனே இன்வெர்ட்டரை அணைத்து, ஜன்னலைத் திறந்து, ஆளை வரச் சொல்லுங்கள். ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஆறில் ஒன்றை மட்டும் மாற்ற வழியில்லை. தண்ணீரும் அமிலமும் அதை எழுப்பாது.

ஹைட்ரோமீட்டர் சொல்லாத ஒன்றும் உண்டு. ஆறு செல்லும் 1240 காட்டும், பேக்கப் மட்டும் ஒரு மணி நேரம்தான் வரும். அமிலம் நன்றாக இருக்கிறது, தகட்டில் வேலை செய்யும் பொருள் உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். இழுத்த அமிலம் தெளிவாக இல்லாமல் பழுப்பாகவோ கறுப்பாகவோ கலங்கி வருவது இதற்கு அடையாளம். யாராவது முன்பு அமிலம் ஊற்றியிருந்தாலும் இதே எண் வரும். இங்கே கடைசிச் சோதனை லோடுதான். முழு சார்ஜ் செய்து, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, தெரிந்த லோடில் ஓடவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை பேட்டரி குமிழிலேயே வோல்டேஜைக் குறியுங்கள். 26 ஆம்பியர் லோடில் முதல் அரை மணிக்குள்ளேயே 11.5-க்குக் கீழே சரிந்தால், மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வாரண்டி காலத்துக்குள் இருந்தால் ஆறு செல்லின் கிராவிட்டி, தேதி, அமிலச் சூடு, மொத்த வோல்டேஜ் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, மீட்டரின் படத்தோடு கொண்டுபோங்கள். சும்மா "பேக்கப் வரலை" என்று சொன்னால் சார்ஜ் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "நாலாம் செல் மட்டும் 1150, மத்தது எல்லாம் 1230, ரெண்டு நாள் சார்ஜுக்கு அப்புறம்" என்றால் அவர்களும் மீட்டரை எடுப்பார்கள். மாற்றுவதானால் பழையதை அமிலத்தோடு அப்படியே புதுப் பேட்டரி விற்பவரிடம் ஒப்படையுங்கள். எடை குறையட்டும் என்று அமிலத்தைச் சாக்கடையில் கொட்ட விடாதீர்கள், அதில் ஈயம் கரைந்திருக்கிறது.